வர்க்கப் பூர்த்தி முறை: சமன்பாட்டைத் தீர்ப்பதும் பரவளையத்தின் முனையை வாசிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்க்கப் பூர்த்தி என்று சொல்லும்போது உண்மையில் எதைப் பூர்த்தி செய்கிறோம்?

x² + 10x என்ற கோவையில் x இரண்டு இடங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் வர்க்கமாகவும் இன்னோரிடத்தில் தனியாகவும் இருப்பதால், x² + 10x = 39 என்று கொடுத்தால் நேராக வர்க்கமூலம் எடுத்து x-ஐக் கண்டுபிடிக்க வழியில்லை. x ஒரே ஓரிடத்தில், ஒரு வர்க்கத்துக்குள் மட்டும் இருந்தால் வழி உண்டு. இதைச் சாத்தியமாக்குவது நாம் எட்டாம் வகுப்பிலேயே கற்ற முற்றொருமைதான்:

(x + p)² = x² + 2px + p²

வலப்பக்கத்தின் முதல் இரண்டு உறுப்புகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன, மூன்றாவதான p² மட்டும் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பினால் மூன்று உறுப்புகளும் சேர்ந்து ஒரு முழு வர்க்கமாகிவிடும். பூர்த்தி செய்யப்படுவது அந்த ஒரு மாறிலி மட்டுமே.

x-இன் கெழுவில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்து என்கிறார்கள். ஏன் பாதி?

முற்றொருமையில் நடு உறுப்பு 2px. அது 10x-க்குச் சமமாக இருக்க வேண்டுமானால் p = 5 ஆக வேண்டும், குறையும் உறுப்பு p² = 25. இயற்கணித விளக்கம் இவ்வளவுதான். ஆனால் இதைப் படமாகப் பார்த்தவர்களுக்கு விதி மறப்பதில்லை என்பதால் படத்தையும் சொல்கிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி, இதே x² + 10x = 39 என்ற கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார். பக்கம் x உள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். 10x என்பது 10 அலகு நீளமும் x அகலமும் உள்ள ஒரு செவ்வகம். அதன் 10 அலகு நீளம் சரிபாதியாகும்படி குறுக்கே வெட்டினால் 5-க்கு x அளவில் இரண்டு செவ்வகங்கள் கிடைக்கும். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றொன்றை அதன் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். இப்போது பக்கம் x + 5 உள்ள ஒரு பெரிய சதுரம் ஏறத்தாழ உருவாகிவிடும். வலது கீழ் மூலையில் மட்டும் 5-க்கு 5 அளவில் ஒரு சிறு சதுரம் வெறுமையாக நிற்கும். அந்த மூலையின் பரப்பு 25. இதுவரை ஒட்டியவற்றின் மொத்தப் பரப்பு 39 என்று நமக்குத் தெரியும்; மூலையையும் நிரப்பினால் 64. பரப்பு 64 உள்ள சதுரத்தின் பக்கம் 8, ஆகவே x + 5 = 8, x = 3.

செவ்வகத்தை இரண்டாக வெட்டுவதால்தான் பாதி வருகிறது. வெட்டாமல் முழுச் செவ்வகத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தால் சதுரம் உருவாகியிருக்காது.

இந்த முறையில் −13 என்ற இன்னொரு விடை வர வேண்டுமே, அது எங்கே போயிற்று?

அல்-குவாரிஸ்மிக்கு x என்பது ஒரு நீளம், எனவே அவர் மிகை விடையை மட்டுமே எடுத்தார். நாம் எண்களை வைத்துத் தீர்க்கிறோம். (x + 5)² = 64 என்றால் x + 5 என்பது 8 ஆகவும் இருக்கலாம், −8 ஆகவும் இருக்கலாம்; இரண்டின் வர்க்கமும் 64. இரண்டாவதிலிருந்து x = −13. வர்க்கமூலம் எடுக்கும் வரியில் ± குறியை எழுத மறப்பவர்கள் ஒரு மூலத்தை முழுதாக இழக்கிறார்கள். குறியை அந்த வரியிலேயே போட்டுவிட வேண்டும், கடைசியில் நினைவு வந்து சேர்த்தால் பல நேரம் அது தவறான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

x²-இன் கெழு 1 இல்லாத ஒரு சமன்பாட்டை முழுதாகத் தீர்த்துக் காட்ட முடியுமா?

2x² − 12x + 7 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். இது முழு எண்களால் காரணிப்படாத சமன்பாடு என்பதால் இந்த முறைக்குப் பொருத்தமானது. இந்தப் பக்கத்தில் பின்னர் வரும் கேள்விகளும் பெரும்பாலும் இதையே சுற்றி வருகின்றன.

முற்றொருமையில் x²-இன் கெழு 1 ஆகவே இருப்பதால் முதலில் இருபுறமும் 2-ஆல் வகுத்து, மாறிலியை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோகிறோம்:

x² − 6x = −7/2

x-இன் கெழு −6, அதில் பாதி −3, அதன் வர்க்கம் 9. அந்த 9-ஐ இருபுறமும் கூட்டுகிறோம்:

x² − 6x + 9 = 9 − 7/2

(x − 3)² = 11/2

x − 3 = ±√(11/2)

x = 3 ± √22/2

√(11/2) என்பதன் தொகுதியையும் பகுதியையும் 2-ஆல் பெருக்கினால் √(22/4) கிடைக்கும், அது √22/2. தசமத்தில் √22/2 ஏறத்தாழ 2.345. ஆகவே மூலங்கள் ஏறத்தாழ 5.345, 0.655. கூட்டிப் பாருங்கள், 6 வரும்; மூலங்களின் கூடுதல் −b/a = 12/2 = 6 என்பதோடு அது ஒத்துப்போகிறது.

அதே 2x² − 12x + 7-ஐ y = 2x² − 12x + 7 என்று வரைபடமாகக் கொடுத்து முனையைக் கேட்டால்?

இப்போது நம் கையில் இருப்பது தீர்க்க வேண்டிய சமன்பாடு அன்று, ஒரு சார்பு. ஒவ்வொரு x-க்கும் y எவ்வளவு என்று சொல்லும் கோவையின் மதிப்பை நாம் மாற்றிவிடக்கூடாது, அதன் தோற்றத்தை மட்டுமே மாற்றலாம். ஆகவே 2-ஆல் வகுப்பதற்குப் பதிலாக, முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 2-ஐப் பொதுக் காரணியாக வெளியே எடுக்கிறோம்:

y = 2(x² − 6x) + 7

அடைப்புக்குள் 9 தேவை. வெறுமனே கூட்டினால் மதிப்பு மாறிவிடும் என்பதால் 9-ஐக் கூட்டி, அதே 9-ஐ அங்கேயே கழிக்கிறோம்:

y = 2(x² − 6x + 9 − 9) + 7

y = 2[(x − 3)² − 9] + 7

y = 2(x − 3)² − 18 + 7

y = 2(x − 3)² − 11

இது y = a(x − h)² + k என்னும் முனை வடிவம். (x − 3)² என்பது வர்க்கம் என்பதால் ஒருபோதும் குறை எண்ணாக முடியாது; அதன் மிகச் சிறிய மதிப்பு பூச்சியம், அது x = 3 ஆகும்போது மட்டுமே நிகழும். அங்கே y = −11. வேறு எந்த x-ஐப் போட்டாலும் −11-உடன் ஏதோ ஒரு மிகை எண் கூடும். ஆகவே வளைவரையின் மிகத் தாழ்ந்த புள்ளி (3, −11). அதுவே முனை. அதன் வழியாக நிற்கும் x = 3 என்ற செங்குத்துக் கோடு சமச்சீர் அச்சு.

மூலங்களையும் இதே வடிவத்திலிருந்து எடுத்துவிடலாம். y = 0 என்று வைத்தால் 2(x − 3)² = 11, பிறகு முன்பு வந்த அதே (x − 3)² = 11/2. சார்பைத் தந்து இரண்டையும் கேட்கும் வினாவில் முனை வடிவத்தை முதலில் எழுதிவிட்டு மூலங்களை அதிலிருந்து எடுப்பதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

நான் கண்ட மூலங்கள் சரி, முனையின் x-உம் சரி. y மட்டும் −11/2 என்று வந்து மதிப்பெண் போய்விட்டது. எங்கே பிழை?

நீங்கள் சமன்பாட்டுக்கு உரிய வழியைச் சார்பின் மேல் செலுத்தியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தில் மிகவும் நுட்பமாக ஒளிந்திருக்கும் பிழை இதுவே, ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

2x² − 12x + 7 = 0 என்பதை 2-ஆல் வகுத்து x² − 6x + 7/2 = 0 என்று எழுதினால் எந்தத் தீங்கும் இல்லை, ஏனெனில் பூச்சியத்தை 2-ஆல் வகுத்தாலும் பூச்சியமே. ஒரு x முதல் சமன்பாட்டை நிறைவு செய்தால் இரண்டாவதையும் நிறைவு செய்யும். ஆனால் y = 2x² − 12x + 7-இல் இடப்பக்கம் இருப்பது y. வலப்பக்கத்தை மட்டும் 2-ஆல் வகுத்துவிட்டு y-ஐ அப்படியே விட்டால், கிடைக்கும் y = x² − 6x + 7/2 என்பது வேறொரு பரவளையம். அதன் முனை வடிவம்

y = (x − 3)² − 11/2

இதன் முனை (3, −11/2). கேட்கப்பட்ட வளைவரையின் முனையோ (3, −11).

பிழை ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், இந்த இரண்டு பரவளையங்களும் x-அச்சை ஒரே இரண்டு புள்ளிகளில்தான் வெட்டுகின்றன. இரண்டுக்கும் சமச்சீர் அச்சும் ஒன்றே. முதலாவதன் ஒவ்வொரு உயரத்தையும் ஒவ்வொரு ஆழத்தையும் பாதியாக்கினால் இரண்டாவது கிடைக்கும். x-அச்சின் மேல் இருக்கும் புள்ளிகளுக்கு உயரம் பூச்சியம், பூச்சியத்தின் பாதியும் பூச்சியம், எனவே அவை இடம் மாறுவதில்லை. மற்ற எல்லாப் புள்ளிகளும் அச்சை நோக்கிப் பாதித் தூரம் நகர்ந்துவிடுகின்றன. எனவே மூலங்களைப் போட்டுச் சரிபார்ப்பவருக்குப் பிழை தெரியவே தெரியாது.

x = 0 போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கொடுத்த சார்பில் y = 7 வருகிறது, (x − 3)² − 11/2-இல் 9 − 5.5 = 3.5 வருகிறது. சரியாகப் பாதி.

2-ஆல் வகுத்தே பழகியவர்கள் y-ஐயும் சேர்த்து வகுத்து y/2 = (x − 3)² − 11/2 என்று எழுதலாம்; இறுதியில் முழுவதையும் 2-ஆல் பெருக்கி y-ஐ மீட்டால் சரியான விடையே வரும். அந்தக் கடைசிப் பெருக்கலை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

எனக்கு 2(x − 3)² − 2 என்று வருகிறது. இதுவும் அதே பிழைதானா?

இல்லை, இது வேறு. 2[(x − 3)² − 9] + 7 என்ற வரி வரை நீங்கள் சரியாக வந்திருக்கிறீர்கள். அடைப்பைப் பிரிக்கும்போது −9 வெளியே வரும் வழியில் 2-ஆல் பெருக்கப்பட வேண்டும். அதை −9 ஆகவே வெளியே விட்டு 7-உடன் சேர்த்ததால் −2 வந்துவிட்டது. அடைப்புக்குள் நாம் கூட்டியது தோற்றத்தில் 9, ஆனால் வெளியே நிற்கும் 2-இன் காரணமாகக் கோவையில் உண்மையில் கூடியது 18. கூடியது எவ்வளவோ அவ்வளவையே கழிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கவும் x = 0 போதும்: 2 × 9 − 2 = 16, ஆனால் கொடுத்த சார்பில் 7. பொதுவாகவே முனை வடிவத்தை எழுதி முடித்தவுடன் x = 0 போட்டு, கொடுத்த கோவையின் மாறிலி திரும்ப வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மனக்கணக்காகவே செய்துவிடலாம், மேலே சொன்ன இரண்டு பிழைகளும் அதில் சிக்கிவிடும். h-இன் குறியை மாற்றி எழுதிய பிழை மட்டும் இதில் சிக்காது, ஏனெனில் 3² உம் (−3)² உம் ஒன்றே. அதற்கு h-ஐயே கொடுத்த கோவையில் போட்டுப் பார்க்க வேண்டும்: x = 3 எனில் 18 − 36 + 7 = −11. மாறாக x = −3 எனில் 18 + 36 + 7 = 61; அது k-உடன் பொருந்தவில்லை என்பதால் குறி தவறு என்று தெரிந்துவிடும்.

அடைப்புக்குள் −3 இருக்கும்போது முனை +3-இல் இருப்பது ஏன்? k-க்கு மட்டும் குறி மாறவில்லையே?

“உள்ளே இருப்பதன் குறியை மாற்று, வெளியே இருப்பதை அப்படியே எடு” என்று மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழப்பம் வரும். இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. முதல் கேள்வி: வர்க்கம் எப்போது பூச்சியம் ஆகும்? x − 3 = 0 ஆகும்போது, அதாவது x = 3. இரண்டாவது கேள்வி: வர்க்கம் பூச்சியமானபின் எது மிஞ்சுகிறது? −11. (x + 4)² + 6 என்று வந்தால் வர்க்கம் பூச்சியமாவது x = −4-இல், மிஞ்சுவது 6, முனை (−4, 6). கேள்விகளைக் கேட்டு விடை காண்பவருக்குக் குறியை மாற்றும் விதியே தேவைப்படாது.

முனை தெரிந்தபின் வரைபடத்தை அட்டவணை போடாமல் வரைய முடியுமா?

முடியும், அட்டவணை முறையைவிட விரைவாகவும் முடியும். y = 2(x − 3)² − 11-இல் முனையை (3, −11) என்று குறித்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து ஓர் அலகு வலப்பக்கமோ இடப்பக்கமோ போனால் (x − 3)² = 1, ஆகவே y முனையைவிட 2 × 1 = 2 உயரும். இரண்டு அலகு போனால் 2 × 4 = 8, மூன்று அலகு போனால் 2 × 9 = 18. எனவே x = 2, 4 ஆகிய இரண்டிலும் y = −9; x = 1, 5-இல் y = −3; x = 0, 6-இல் y = 7. ஏழு புள்ளிகள் கிடைத்துவிட்டன, வளைவரையை இழுத்துவிடலாம்.

x = 5-இல் y குறை எண்ணாகவும் x = 6-இல் மிகை எண்ணாகவும் இருப்பதால் ஒரு மூலம் 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாம் கண்ட 5.345 அங்கேதான் இருக்கிறது. மற்றொரு மூலம் 0-க்கும் 1-க்கும் நடுவில். இரண்டும் x = 3-இலிருந்து சமதூரத்தில், அதாவது √22/2 தூரத்தில் நிற்கின்றன. x = 3 ± √22/2 என்ற விடையில் 3 என்பது சமச்சீர் அச்சின் இடம், ± ஒட்டிய எண் அதிலிருந்து இருபக்கமும் போகும் தூரம். விடையை இப்படி வாசிக்கப் பழகினால் தீர்வும் வரைபடமும் ஒன்றாகத் தெரியும்.

x-இன் கெழு ஒற்றை எண்ணாக இருந்தால் பின்னங்களில் சிக்கிக்கொள்கிறேன். வேறு வழி உண்டா?

x² − 5x + 3 போன்ற எளிய கோவைக்குப் பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருங்கள், 2.5, 6.25 என்று தசமத்துக்கு மாறினால் இறுதியில் வர்க்கமூலத்தை எளிமையாக்க முடியாமல் போகும். பாதி 5/2, அதன் வர்க்கம் 25/4, எனவே கோவை (x − 5/2)² + 12/4 − 25/4, அதாவது (x − 5/2)² − 13/4. முனை (5/2, −13/4), மூலங்கள் (5 ± √13)/2.

சமன்பாட்டை மட்டும் தீர்க்க வேண்டுமானால் பின்னமே வராத வழி ஒன்று உண்டு. அது நம் நாட்டுக் கணிதவியலாளர் ஸ்ரீதரர் சொன்ன வழி. அவருடைய விதியை இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் எடுத்துக்காட்டியிருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. இருபுறமும் x²-இன் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி, பிறகு x-இன் தொடக்கக் கெழுவின் வர்க்கத்தைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. 2x² − 12x + 7 = 0-க்கு நான்கு மடங்கு 8:

16x² − 96x + 56 = 0

16x² − 96x + 144 = 144 − 56

(4x − 12)² = 88

4x − 12 = ±2√22

x = 3 ± √22/2

4a-ஆல் பெருக்கும்போது முதல் உறுப்பு 4a²x² = (2ax)² என்று தானே முழு வர்க்கமாகிவிடுகிறது; நடு உறுப்பு 4abx = 2 · (2ax) · b ஆகிவிடுவதால் அதைப் பாதியாக்கும்போது பின்னம் தோன்ற இடமே இல்லை. பொதுவாக எழுதினால் (2ax + b)² = b² − 4ac. இதிலிருந்து x-ஐ எடுத்தால் நாம் மனப்பாடம் செய்யும் இருபடிச் சூத்திரம் அப்படியே வந்துவிடும், தன்மைக்காட்டி b² − 4ac என்பதும் இந்த வரியின் வலப்பக்கம்தான்.

முனையைக் காண இதைப் பயன்படுத்தாதீர்கள். இங்கே முழுவதும் 8-ஆல் பெருக்கப்பட்டிருப்பதால் −88-ஐ k என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. 88-ஐ 8-ஆல் வகுத்தால்தான் 11.

x = −b/2a போட்டு முனையைக் கண்டுவிடலாமே, பிறகு எதற்கு இவ்வளவும்?

முனையின் ஆயத்தொலைகள் மட்டும் தேவையானால் −b/2a போதும். 12/4 = 3, அதைக் கோவையில் போட்டால் −11. சரிபார்ப்பதற்கும் அது நல்ல கருவி. ஆனால் முனைப் புள்ளி உச்சமா தாழ்வா, சார்பின் வீச்சு என்ன, x-அச்சை வெட்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் 2(x − 3)² − 11 என்ற வடிவத்தைப் பார்த்தவுடன் விடை சொல்லலாம், காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம். “நிறுவுக” என்று வரும் வினாவில் −b/2a என்பது நிறுவலாகாது. வட்டத்தின் சமன்பாட்டில் மையத்தைக் காணும் இடத்தில் இந்தச் சூத்திரம் கைகொடுப்பதில்லை, வர்க்கப் பூர்த்தியோ அப்படியே பயன்படும்.

வர்க்கம் ஒரு குறை எண்ணுக்குச் சமம் என்று வந்தால் நான் தவறு செய்துவிட்டேன் என்று பொருளா?

முதலில் x = 0 போட்டுச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் உங்கள் வேலையில் பிழையில்லை, சமன்பாட்டுக்கு மெய்யெண் மூலங்கள் இல்லை என்றே பொருள். மாறிலியை மட்டும் மாற்றி 2x² − 12x + 23 = 0 என்று எடுத்தால் 2(x − 3)² + 5 = 0, அதாவது (x − 3)² = −5/2. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண்ணாகாது. வரைபடத்தில் பார்த்தால் முனை (3, 5) x-அச்சுக்கு மேலே இருக்கிறது, a = 2 மிகை எண் என்பதால் பரவளையம் அங்கிருந்து மேல்நோக்கியே திறக்கிறது, ஆகவே அச்சைத் தொட வழியில்லை.

a-உம் k-உம் ஒரே குறியுடையவையாக இருந்தால் மெய்யெண் மூலங்கள் இல்லை, எதிர்க் குறியுடையவையாக இருந்தால் இரண்டு மூலங்கள், k பூச்சியமானால் முனையே அச்சைத் தொடுவதால் ஒரே மூலம். தன்மைக்காட்டி சொல்லும் செய்தியும் இதுவே.

x²-இன் கெழு குறை எண்ணாக இருக்கும் வாழ்க்கைக் கணக்கு ஒன்றைச் செய்து காட்டுங்கள்.

தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் நின்று ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொண்டு, காற்றின் தடையை விட்டுவிட்டால், t வினாடிக்குப் பின் உயரம்

s = −5t² + 20t + 2

−5-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே நிற்கும் 20t-இன் குறி மாறுகிறது. கெழு குறை எண்ணாக உள்ள கணக்குகளில் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். எடுத்த காரணியை மீண்டும் உள்ளே பெருக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்:

s = −5(t² − 4t) + 2

s = −5[(t − 2)² − 4] + 2

s = −5(t − 2)² + 22

உள்ளே இருந்த −4 வெளியே வரும்போது −5-ஆல் பெருக்கப்பட்டு +20 ஆகியிருக்கிறது. t = 0 எனில் −20 + 22 = 2, எறிந்த உயரம் சரியாக வந்துவிட்டது. இப்போது (t − 2)²-ஐ −5 பெருக்குவதால் அந்த உறுப்பு ஒருபோதும் மிகை எண்ணாகாது, எனவே 22 என்பது அடையக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு. பந்து 2 வினாடியில் 22 மீட்டர் உயரத்தைத் தொட்டுத் திரும்புகிறது.

தரையில் விழும் நேரத்துக்கு s = 0 என்று வைத்தால் (t − 2)² = 22/5 = 4.4, t = 2 ± √4.4. √4.4 ஏறத்தாழ 2.098 என்பதால் விடைகள் 4.098, −0.098. சமன்பாட்டைப் பொறுத்தவரை இரண்டும் சரியான மூலங்களே. ஆனால் நம் சார்பு பந்து கையை விட்ட கணத்திலிருந்துதான் அதன் இயக்கத்தைச் சொல்கிறது, t ≥ 0 என்ற நிபந்தனைக்கு வெளியே நிற்கும் −0.098 இந்தக் கணக்குக்கு உரியதன்று. ஆகவே பந்து ஏறத்தாழ 4.1 வினாடியில் தரையைத் தொடுகிறது. இரண்டாவது மூலத்தை ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதுவதையும் விடையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.